கழித்துக்கொண்டு அனுப்பு

ஜவ்வாது மலையில் காவலூர் என்றொரு ஊர் இருக்கிறது. அங்கே வைணு பாப்பு வானாய்வகம். 1986இல் நிறுவிய 2.34 மீட்டர் தொலைநோக்கி வழியாகப் பல ஒளியாண்டு தொலைவில் இருக்கும் நட்சத்திரத்தைப் பார்க்கலாம். அதே மலையில் எங்கள் அத்தை வீட்டிலிருந்து செல்போன் டவரைப் பார்க்க முடியாது. பேச வேண்டுமென்றால் வீட்டுக்குப் பின்னால் உள்ள பாறைமேல் ஏறி, கிழக்கே திரும்பி, போனை நெற்றிக்கு நேரே பிடிக்க வேண்டும். சொந்த அண்ணன் மகன் நான், விசேஷத்துக்கு அழைக்க நாள் முழுக்க முயன்றாலும் லைன் கிடைக்காது. ஆனால் லாட்டரிக்காரனுக்கு மட்டும் ஒரே அடியில் கிடைத்துவிட்டது.

‘கோன் பனேகா குரோர்பதி’ பரிசாக இருபத்தைந்து லட்சம் ரூபாய் விழுந்திருப்பதாகச் சொன்னானாம். அமிதாப் பச்சன் படம், ரூபாய் நோட்டுக் கட்டுகள், அத்தையின் போன் நம்பர், ஒரு வங்கி மேலாளர் புகைப்படம், அத்தனையும் போட்ட போஸ்டர் ஒன்று முன்பே வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. அமிதாப்பை அத்தைக்குத் தெரியாது. “யாருப்பா இந்தத் தாடிக்காரரு, மாப்ள வீட்டு ஆளா?” என்றுதான் என்னிடம் கேட்டார்.

இது அத்தைக்கென்று செய்த ஏற்பாடு அல்ல. சில வருடங்களாக இந்தியா முழுக்கச் சுற்றும் பழைய சரக்கு. டெல்லி போலீஸின் சைபர் பிரிவே இதைப் பற்றி எச்சரிக்கை விட்டிருக்கிறது. பெரும்பாலும் +92 என்று தொடங்கும் எண்ணிலிருந்து அழைப்பு வரும். அது பாகிஸ்தானின் நாட்டுக் குறியீடு. இப்போது உள்ளூர் எண்ணிலிருந்தும் வருகிறது. அதனால் எண்ணை மட்டும் பார்த்து நிம்மதி அடைய முடியாது. வாட்ஸ்அப்பிலேயே பேசு, வேறு யாரிடமும் சொல்லாதே, சொன்னால் பரிசு ரத்து என்பார்கள். ரத்து ஆவது பரிசல்ல, அவன் பிழைப்பு. வீட்டில் இன்னொருவர் காதில் விழுந்தால் அவர் ஒரே ஒரு கேள்வி கேட்பார். அதோடு கதை முடிந்துவிடும்.

குடும்ப குரூப்பில் ஒரு எச்சரிக்கை போட வேண்டும் என்று முடிவானது. வங்கியில் வேலை செய்யும் என் தம்பி பொறுப்பேற்றான். அவன் எழுதியது மூன்று திரை நீளம். “மின்னணு நிதிசார் மோசடிகள் பெருகிவரும் இக்காலகட்டத்தில்” என்று தொடங்கியது. போளூர் பெரியப்பா கைகூப்பும் பொம்மை அனுப்பினார். சித்தி “வாழ்த்துகள்” என்றார். சென்னை மாப்பிள்ளை ரோஜாப்பூ போட்டுக் காலை வணக்கம் சொன்னார். எவரும் படிக்கவில்லை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

சரி, சுருக்கமாக எழுதுவோம் என்றால், எதை வைப்பது, எதை விடுவது? “டிக்கெட் வாங்காமல் பரிசு விழுமா?” என்று ஒரே வரி போதும் என்றார் மாமா. அவர் பருவத்துக்குக் கேரளா போய் மிளகு பறித்துவிட்டு வருபவர். லாட்டரி விஷயத்தில் எங்கள் குடும்பத்துக்கு அவர்தான் பல்கலைக்கழகம். கேரளாவில் காகித டிக்கெட். பரிசு விழுந்ததா என்று நாமே முடிவுப் பட்டியலைப் பார்க்க வேண்டும். விழுந்தால் பின்பக்கம் பெயர், முகவரி எழுதிக் கையெழுத்திட்டு முப்பது நாளுக்குள் டிக்கெட்டை ஒப்படைக்க வேண்டும். ஐயாயிரம் வரை லாட்டரிக் கடையிலேயே வாங்கிக்கொள்ளலாம். அதற்கு மேல் என்றால் லாட்டரி அலுவலகமோ வங்கியோ போக வேண்டும். “நெஜ லாட்டரில அவன் போன் பண்ண மாட்டான், நாமதான் டிக்கெட்ட எடுத்துகினு ஓடணும்” என்பது மாமாவின் தீர்ப்பு. சரியான தீர்ப்புதான்.

ஆனால் திருடன் மாமாவைவிட ஒரு படி முன்னால் இருக்கிறான். “நான் டிக்கெட்டே வாங்கலியே” என்று நாம் சொல்வோம் என்று அவனுக்குத் தெரியும். அதற்குத்தான் ‘அகில இந்திய சிம் கார்டு குலுக்கல்’ என்று ஒன்றை உண்டாக்கி வைத்திருக்கிறான். உங்கள் நம்பர்தான் டிக்கெட், சிம் வாங்கியபோதே நீங்கள் போட்டியில் சேர்ந்தாகிவிட்டது என்பான். போன் வைத்திருப்பவர் எல்லாருக்கும் அது பொருந்தும். இன்னொரு பக்கம் பெரியப்பா, “லாட்டரின்னா கவர்மென்ட் நடத்துறதுதானே” என்கிறார். தமிழ்நாட்டில் 1968இல் அரசே பரிசுச் சீட்டு விற்ற காலம் அவர் மனத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. 2003 ஜனவரியில் இங்கே எல்லா லாட்டரிக்கும் தடை வந்ததைச் சொன்னால், “அப்படியா, எங்கிட்ட யாரும் சொல்லலியே” என்று கோபித்துக்கொள்கிறார். இருபது வருடத்துக்கும் மேலாயிற்று பெரியப்பா.

இந்த இடத்தில்தான் பாறைமேல் நின்று அத்தை நடத்திய பேச்சுவார்த்தை எங்களுக்குக் கைகொடுத்தது. அவரே சொன்னதை அப்படியே தருகிறேன்.

லாட்டரிக்காரன் இந்தியும் தமிழும் கலந்து பேசியிருக்கிறான். இருபத்தைந்து லட்சம் தயாராக இருக்கிறது, பதினைந்தாயிரம் ஜிஎஸ்டி மட்டும் கட்டினால் போதும், அதுவும் திரும்பக் கிடைத்துவிடும் என்றானாம்.

“திரும்பக் குடுக்கப் போறன்னா எதுக்குப்பா வாங்கற?” என்று அத்தை கேட்டார்.

அது ரூல் என்றான்.

“சரி, ரூலுன்னா ரூலுதான். பதினஞ்சாயிரத்த அதுலயே கழிச்சிக்கோ. மீதி இருபத்திநாலு லட்சத்து எண்பத்தஞ்சாயிரம் அனுப்பு.”

எதிர்முனையில் கொஞ்ச நேரம் பேச்சில்லை. பணம் லாக் ஆகியிருக்கிறது, தொட முடியாது என்றான். அத்தை விடவில்லை. “அப்ப முப்பதாயிரமா கழிச்சிக்கோ. நீ கஷ்டப்பட்டுப் போன் பண்ணியிருக்க, உனக்கும் ஏதாச்சும் வேணுமில்ல.” அவன் வைத்துவிட்டான். அத்தைக்கு இன்றுவரை வருத்தம், அவனுக்குக் கமிஷன் கொடுக்கத் தயாராக இருந்தும் வியாபாரம் படியவில்லையே என்று.

இதில் அத்தைக்குத் தனித் திறமை எதுவுமில்லை, மண்டி அனுபவம்தான். சாமையும் புளியும் மலையிலிருந்து இறக்கி விற்பவர் அவர். மண்டியில் கமிஷன் உண்டு, எடைக் கூலி உண்டு, மூட்டை இறக்கக் கூலி உண்டு. எல்லாம் பிடித்துக்கொண்டு மிச்சத்தைத்தான் கையில் கொடுப்பார்கள். “மொதல்ல நீ கமிஷன் கட்டு, அப்புறம் உன் புளிக்குக் காசு தரேன்” என்று எந்த மண்டிக்காரரும் சொன்னதில்லை. சொல்பவன் மண்டிக்காரன் இல்லை.

வருமான வரிச் சட்டமும் அத்தை கட்சிதான். லாட்டரிப் பரிசு பத்தாயிரத்தைத் தாண்டினால், பரிசு தருபவரே முப்பது சதவீத வரியைப் பிடித்துக்கொண்டு மீதியைக் கொடுக்க வேண்டும். இருபத்தைந்து லட்சம் நிஜமாகவே விழுந்திருந்தால் ஏழரை லட்சம் அங்கேயே பிடித்துவிட்டுப் பதினேழரை லட்சம் தருவார்கள். பணமாக வரும் பரிசுக்கு வென்றவர் தன் பையிலிருந்து முன்கூட்டி எடுத்துக் கொடுக்கும் வரி என்று அதில் ஒன்றுமே இல்லை. போஸ்டரில் அமிதாப் இருந்தாலும் சரி, வங்கி முத்திரை இருந்தாலும் சரி, உங்கள் பெயர் எழுதிய செக்கின் படமே வந்தாலும் சரி, “கழித்துக்கொண்டு அனுப்பு” என்ற ஒரு சொல்லுக்கு அவனிடம் பதில் கிடையாது. எங்கள் குறிப்புக்கான வரி கிடைத்துவிட்டது.

இவ்வளவு சுலபம் என்றால் ஏமாறுகிறவர்கள் ஏன் ஏமாறுகிறார்கள்? முதல் பதினைந்தாயிரத்தைக் கொடுக்கும்போது இருபத்தைந்து லட்சத்துக்கு ஆசைப்பட்டுக் கொடுக்கிறார்கள். அடுத்து ஃபைல் சார்ஜ் என்று இருபதாயிரம் கேட்பான். அதைக் கொடுப்பது ஆசையில் இல்லை; முன்னால் கொடுத்த பதினைந்தாயிரம் வீணாகிவிடுமே என்ற பயத்தில். ஒவ்வொரு தொகையும் ‘இதுதான் கடைசி’ என்றே வரும். கையில் இருப்பது தீரும்போதுதான் அந்தக் கடைசி வரும். பணம் போகும் கணக்கும் பெரும்பாலும் எந்த நிறுவனத்தின் பெயரிலும் இருக்காது. அனுப்பும்போது போன் திரையில் முன்பின் தெரியாத யாரோ ஒருவர் பெயர் காட்டும். கமிஷனுக்குக் கணக்கை வாடகைக்கு விட்ட ஆளின் பெயர் அது.

இதையெல்லாம் குறிப்பில் எழுதினால் மறுபடியும் ரோஜாப்பூதான் வரும். அந்த போஸ்டரின் படத்தையும் ‘இது பொய்’ என்று சொல்லிச் சேர்க்கலாம் என்றான் தம்பி. வேண்டாம் என்றேன். எங்கள் குரூப்பில் படம் மட்டும் ஊர் ஊராகப் போகும், கீழே எழுதியது இங்கேயே தங்கிவிடும். கடைசியில் நாமே இலவசமாக விளம்பரம் செய்ததாகிவிடும். படமில்லாமல் போனது இதுதான்:

“சொந்தங்களுக்கு,
லாட்டரி விழுந்தது, கேபிசி பரிசு, சிம் கார்டு குலுக்கல் என்று போன் வந்தால் அது பொய்.
பரிசு தர முன்பணம் கேட்பவன் திருடன். ‘கழித்துக்கொண்டு அனுப்பு’ என்று சொல்லி வைத்துவிடுங்கள்.
ஓடிபி, பின் நம்பர் யாருக்கும் சொல்ல வேண்டாம். நமக்குப் பணம் வருவதற்குப் பின் நம்பர் தேவையில்லை.
பணம் போய்விட்டால் வெட்கப்பட வேண்டாம். உடனே 1930க்குப் போன் செய்யுங்கள். வந்த மெசேஜை அழிக்காதீர்கள்.
சந்தேகம் என்றால் எந்நேரமும் என்னைக் கூப்பிடுங்கள்.”

‘அழிக்காதீர்கள்’ என்ற சொல்லுக்குக் காரணம் உண்டு. ஏமாந்தவர் முதலில் செய்வது, மகன் பார்த்துவிடக் கூடாதென்று எல்லாவற்றையும் அழிப்பதுதான். 1930இல் கேட்பதோ அதே விவரங்களைத்தான்: எந்தக் கணக்குக்கு, எவ்வளவு, எப்போது, பரிவர்த்தனை எண் என்ன. அது கைவசம் இருந்தால் பணம் அடுத்த கணக்குக்குத் தாவும் முன் நிறுத்தி வைக்க வழியுண்டு. cybercrime.gov.in தளத்திலும் புகார் எழுதலாம். “போன பணத்தை நான் மீட்டுத் தரேன், கொஞ்சம் பீஸ் ஆகும்” என்று பிறகு ஒருவன் வருவான். அவன் முதல் திருடனின் பங்காளி. அவனிடமும் அத்தையின் வாக்கியமே செல்லும்.

எழுத்தைப் படிக்காத சொந்தங்களுக்காக அத்தையே பாறைமேல் ஏறி அதைக் குரலில் பதிவு செய்து அனுப்பினார். காற்று இரைச்சலுக்கு நடுவே, திட்டுவது போலிருந்தது. எல்லாரும் கேட்டார்கள். அன்று ரோஜாப்பூ வரவில்லை.

போளூர் பெரியப்பா மட்டும் தனியாக என்னைக் கூப்பிட்டார். “இருபத்தஞ்சு லட்சம் பொய்யின்னு புரிஞ்சிடுச்சிப்பா. இந்த 1930க்குப் போன் பண்ணா எவ்ளோ தருவாங்க?”

“நம்ம காசையே தருவாங்க பெரியப்பா,” என்றேன். “அதுவும் சீக்கிரமா சொன்னாதான்.”