இல்லாத பர்மிட்டை எடுப்பது எப்படி?

புதுக்கோட்டையிலிருந்து சொந்தக் காரில் மூணாறு போக முடிவு செய்துவிட்டீர்களா? முதல் வேலையாக டீக்கடையில் விசாரியுங்கள். "போடிமெட்டுல டாக்ஸ் கட்டாம விடமாட்டாங்க மாமா" என்று ஒரு தம்பி கட்டாயம் சொல்வார். பொய்யில்லை, அவர் டிராவல்ஸ் வண்டி ஓட்டுகிறவர். மஞ்சள் போர்டு வண்டி மாநிலம் தாண்டினால் பர்மிட்டும் வரியும் அவசியம். உங்கள் வண்டி வெள்ளை போர்டு என்பதை அவரிடம் சொல்லிவிடாதீர்கள், பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

அடுத்து, வரி கட்டத் துடியுங்கள். நீங்கள் ஏற்கெனவே கட்டியதுதான். எட்டு லட்ச ரூபாய் கார் என்றால், 2023 நவம்பரில் வந்த தமிழ்நாட்டு விகிதப்படி 13 சதவீதம், 1,04,000 ரூபாய் ஆயுள் வரி. ஓரிடத்தில் செய்த பதிவு இந்தியா முழுக்கச் செல்லும் என்கிறது 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 46ஆம் பிரிவு. நாலு நாள் சுற்றுலாவுக்குக் கேரளத்தில் பர்மிட்டும் இல்லை, வரியும் இல்லை.

எப்படியாவது கட்டியே தீருவேன் என்பவருக்கும் வழி உண்டு. மூணாறு பிடித்துப்போய் 12 மாதத்துக்கு மேல் வண்டியோடு அங்கேயே தங்கிவிடுங்கள். அப்போது 47ஆம் பிரிவு வரும். புதுக்கோட்டை ஆர்.டி.ஓ. ஆபீசில் படிவம் 28 கொடுத்து என்.ஓ.சி. வாங்க வேண்டும். கேரளத்தில் படிவம் 27 கொடுத்து கேரள நம்பர் வாங்கி, கேரள வரியும் கட்டிவிட்டு, இங்கே கட்டிய வரியில் மிச்சத்தைத் திருப்பிக் கேட்டு அலைய வேண்டும். போய் நாலு நாள்தான் ஆகிறது என்று காட்ட வேண்டி வந்தால் ஹோட்டல் பில்லும் பெட்ரோல் ரசீதும் உதவும். ஆகவே அவற்றை உடனே கிழித்துப் போடுங்கள்.

இன்னும் சுருக்கு வழி, பக்கத்து வீட்டுக்காரரின் வெள்ளை போர்டு காரை நாள் வாடகைக்கு எடுப்பது. பர்மிட் இல்லாத வாடகை வண்டி என்று பிடித்தால் முதல் தடவையே 10,000 ரூபாய் அபராதம், சிறைக்கும் சட்டத்தில் இடமுண்டு. "சொந்தக்காரர் வண்டி சார்" என்பது போலீஸ்காரர் தினமும் கேட்கிற வசனம்.

ஆர்.சி., இன்சூரன்ஸ், புகைச் சான்று, லைசென்ஸ் நான்கையும் டிஜிலாக்கரிலோ எம்பரிவாகனிலோ காட்டினால் போதும், 2018 முதல் விதியே ஒத்துக்கொள்கிறது. இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்தால் வெளிமாநிலத்தில் வெள்ளை போர்டு காரும் மாட்டும். ஆனால் அதையெல்லாம் யார் பார்க்கிறார்கள்? பர்மிட் பற்றித்தானே கவலை!

அனுமதிச் சீட்டு இல்லாமல் மனசு ஆறவில்லையா? மூணாறை விட்டுக் கொடைக்கானலுக்குத் திருப்புங்கள். உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் அங்கேயும் நீலகிரியிலும் நுழைய இ-பாஸ் வேண்டும். epass.tnega.org தளத்தில் இலவசமாகக் கிடைக்கும். நம் சொந்த மாநிலம்தான், ஆனாலும் கேட்கிறார்கள்.