கழற்றி மாஸ்டர்

நாகூரில் கிரில் வேலைக்காரருக்கு ஓய்வே கிடையாது. கடலிலிருந்து வரும் உப்புக்காற்று இரும்பு கேட்டைத் தின்றுகொண்டே இருக்கும். கந்தூரிக்கு விருந்தாளி வருவதற்குள் ஓட்டையை அடைத்தாக வேண்டும். அதனால் மாஸ்டர் வைத்ததுதான் சட்டம்.

வீட்டுக்குள் வந்ததும் மாஸ்டர் முதலில் செருப்பைக் கழற்றுவார், அது மரியாதை. அடுத்து கிரைண்டரின் கார்டைக் கழற்றுவார், அது அனுபவமாம். "கார்டு இருந்தா கோடு தெரியாது பாய்" என்பார். உண்மைக் காரணம் வேறு. அவருடையது நாலு இஞ்ச் மெஷின், கையில் இருப்பது ஏழு இஞ்ச் டிஸ்க். கார்டு இருந்தால் அது உள்ளேயே போகாது.

மெஷின் நிமிடத்துக்கு 11,000 சுற்று சுற்றும். டிஸ்க்கின் லேபிளிலோ 8,500 என்றுதான் போட்டிருக்கும். "நம்பர் எல்லாம் கம்பெனிக்காரன் எழுதுறது" என்பார் மாஸ்டர். ஆமாம், உடைத்துப் பார்த்துவிட்டுத்தான் எழுதியிருக்கிறான். இந்த ஜோடியில் டிஸ்க்கின் விளிம்பு நொடிக்கு 100 மீட்டருக்கு மேல் ஓடும். அது தாங்குவது 80 மீட்டர். சில்லாக உடைந்தால் தடுத்து நிறுத்த வேண்டிய கார்டு பைக்குள் கிடக்கும். டிஸ்க்குக்கு நேர் எதிரே பைப்பைப் பிடித்துக்கொண்டு உதவிப் பையன் உட்கார்ந்திருப்பான்.

பிளக்கையும் மாஸ்டர் விட்டு வைக்கவில்லை. இரண்டு ஒயரைச் சாக்கெட்டில் சொருகித் தீக்குச்சியால் இறுக்குவார். பச்சை ஒயரை மட்டும் மடித்து டேப் சுற்றிவிடுவார். "அது சும்மா வர்ற ஒயரு." மெஷினின் உடம்பில் மின்சாரம் கசிந்தால் தரைக்குப் போக வழி அந்தச் சும்மா ஒயர்தான். அது இல்லையென்றால் அடுத்த வழி, ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் மாஸ்டர்.

வெல்டிங்குக்கு அவர் போடுவது கூலிங் கிளாஸ். பாதி நேரம் அதுவும் தலையில் இருக்கும். "பத்தும்போது கண்ணை மூடிப்பேன், கணக்கு இருக்கு" என்பார். கணக்கு ராத்திரிதான் தீரும். வேலை முடிந்து சில மணி நேரம் கழித்து, கண்ணில் மணலை அள்ளிப் போட்டதுபோல் எரியும்; உருளைக்கிழங்கை வெட்டிக் கண்ணில் வைத்துக்கொண்டு விடியும்வரை புரள்வார். ராடு வெல்டிங்குக்கு வேண்டியது 10 அல்லது 11-ம் நம்பர் கறுப்புக் கண்ணாடி பதித்த ஷீல்டு. கசடு தட்டும்போதும் கிரைண்டர் ஓட்டும்போதும் பக்கவாட்டிலும் மூடிய வெள்ளைக் கண்ணாடி வேண்டும். கண்ணில் துகள் ஏறினால் கைக்குட்டை நுனியால் நோண்டாமல் கண் டாக்டரிடம் போக வேண்டும்.

வீட்டுக்காரர்களுக்கு ஒரு வார்த்தை. மாஸ்டரிடம் கூலி பேசும் முன் கார்டு, மூன்று முள் பிளக், கண்ணாடி மூன்றையும் காட்டச் சொல்லுங்கள். உங்கள் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இருக்கிறதா என்றும் பாருங்கள். உதவிப் பையனுக்கும் கண்ணாடி வந்த பிறகு ஸ்விட்சைப் போடுங்கள்.