தளத்துக்கு எத்தனை நாள் தண்ணீர்?

கேள்வி: சித்திரை வெயிலில் தளம் போட்டால், ஏழு நாள் தண்ணீர் விட்டால் போதும் என்கிறாரே மேஸ்திரி?

பதில்: காங்கிரீட் காய்ந்து இறுகுவதில்லை, தண்ணீரைக் குடித்துத்தான் இறுகுகிறது. அந்தத் தண்ணீரை வெயில் குடித்துவிட்டால் சிமென்ட்டின் வேலை பாதியில் நின்று, மேல்பரப்பு மாவாக உதிரும். போட்ட சில மணி நேரத்திலேயே மயிரிழை விரிசல் தெரிந்தால், வெயில் முந்திக்கொண்டது என்று பொருள். ஆகவே மட்டம் தட்டி முடித்ததும் பாலிதீன் விரிப்பால் மூடுங்கள். மறுநாள் சிமென்ட் கலவையில் வரப்பு வைத்துப் பாத்தி கட்டி, இரண்டு அங்குலம் தண்ணீர் நிறுத்துங்கள்.

ஏழு நாள் என்பது ஓ.பி.சி. சிமென்ட்டுக்கு, மிதமான பருவத்தில். மூட்டையில் பி.பி.சி. என்றிருந்தால், இந்த வெயிலுக்கு 14 நாள். காலையில் ஊற்றி மதியம் காயவிடுவது கணக்கில் சேராது. மேஸ்திரி கணக்கில் மட்டும் சேரும்.