நன்றி அட்டைக்காரர்

பார்சலைப் பிரித்ததும் பொருளுக்கு முன்னால் கையில் வந்து விழும் சிறு அட்டைக்கு நன்றி அட்டை என்று பெயர். அதைத் தயாரிப்பவர் நன்றி அட்டைக்காரர். வீட்டில் இட்லிப் பொடி அரைத்து வாட்ஸ்அப்பில் ஆர்டர் எடுப்பவர், வாரம் நாற்பது ஐம்பது பார்சல் போகத் தொடங்கியதும் இந்த இனத்தில் சேர்கிறார். முதல் அறிகுறி எளிதில் தெரியும். வேறு கடையிலிருந்து அவர் வீட்டுக்குப் பார்சல் வந்தால் பொருள் ஒரு மூலையில் கிடக்கும். அவர் உள்ளிருந்த அட்டையை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, கட்டைவிரலால் தடிமன் பார்த்துக்கொண்டிருப்பார்.

அட்டையிடம் அவர் எதிர்பார்ப்பவை இரண்டு: வாங்கியவர் ரிவ்யூ போட வேண்டும், மறுபடியும் ஆர்டர் தர வேண்டும். இவற்றுக்காக அவர் கையாளும் வடிவமைப்பு முறை கல்யாணப் பத்திரிகையிலிருந்து வந்தது. பத்திரிகையில் ஒரு பெரியப்பா பெயர் விட்டுப்போனாலும் பந்தியில் சண்டை வரும் என்ற அச்சத்தோடு, அவர் எதையும் விடாமல் சேர்க்கிறார். 105க்கு 148 மில்லிமீட்டர் அட்டையில் மேலே பிள்ளையார், அதற்குக் கீழே லோகோ, அதற்குக் கீழே அம்மாவும் உரலும் இருக்கும் படம். பிறகு இன்ஸ்டாகிராம், ஃபேஸ்புக், யூடியூப். பாக்கெட்டில் ஏற்கெனவே இருக்கும் 14 இலக்க உணவு உரிம எண் இங்கேயும் ஒருமுறை. மூன்று கியூஆர் கோடு. நடுவில் எங்கோ 'நன்றி'.

டிடிபி செய்யும் இளைஞர் ஒரு கட்டத்தில் மெல்ல ஆரம்பிப்பார். "சார், எழுத்து ஆறு பாயிண்டுக்கு வந்துடுச்சு. இதுக்கு மேல போனா பார்சல்ல ஒரு பூதக்கண்ணாடியும் வைக்கணும்."

"அப்படியா? பின்பக்கம் காலியாத்தானே இருக்கு தம்பி?"

பார்சல் பிரிப்பவருக்கு ஒரு கையில் கத்தரிக்கோல், மறு கையில் பெட்டி, காலடியில் குழந்தை. அட்டைக்குக் கிடைப்பது ஓரிரு பார்வை. அதற்குள் அவர் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று என்றால் செய்யக்கூடும். ஏழு என்றால், அட்டை பபிள் ராப்போடு சேர்ந்து குப்பைக்குப் போகும். பபிள் ராப்பை மட்டும் குழந்தை திரும்ப எடுத்துவரும்.

ஆனால் நெரிசலைவிடப் பெரிய பிழை நேரத்தில் இருக்கிறது. பெட்டி திறக்கும் அந்த நொடியில் பொடியை யாரும் சாப்பிட்டிருக்க மாட்டார்கள். அப்போதே ரிவ்யூ கேட்டால் வருவது இப்படித்தான் இருக்கும்: "பேக்கிங் சூப்பர், இன்னும் பிரிக்கலை, அஞ்சு ஸ்டார்." அல்லது, "கூரியர் பையன் கேட்டில் எறிந்துவிட்டுப் போனான், ரெண்டு ஸ்டார்." இரண்டிலும் பொடி இல்லை. அடுத்து வாங்க வருபவருக்குத் தெரிய வேண்டியது காரம், உப்பு, பெருங்காய வாசம். அதைச் சொல்லக்கூடியவர் பத்து நாள் சாப்பிட்டவர். ஆகவே அட்டை பத்து நாள் உயிரோடு இருக்க வேண்டும்.

இதை உணர்ந்த சிலர் பாக்கெட்டின் அடியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிப் பார்க்கிறார்கள். பொடி தீரும்போது கண்ணில் படும் என்பது கணக்கு. தமிழ் வீடுகளில் பொடி வந்த அன்றே எவர்சில்வர் டப்பாவுக்கு மாறிவிடும் என்பதும், பாக்கெட் அன்று மாலையே போய்விடும் என்பதும் கணக்கில் சேரவில்லை. அட்டை வாழ வேண்டிய இடம் ஃபிரிட்ஜ் கதவு. அங்கே போக அதற்குத் தன் சொந்தப் பயன் ஒன்று வேண்டும். ஒரு பக்கம் முழுக்கச் சமையல் குறிப்பு போட்டால் அது கிடைத்துவிடும்: ஒரு கரண்டி பொடிக்கு எவ்வளவு நல்லெண்ணெய், மினி இட்லியைப் புரட்டும் பக்குவம், கத்தரிக்காய் வதக்கலில் கடைசியாகத் தூவும் அளவு. அதன் அடியில் இரண்டே வரி: "டப்பா பாதியானதும் சொல்லுங்கள். காரம் சரியா? எண்ணெயில் குழைத்தீர்களா, நெய்யிலா?" கேள்வி குறிப்பாக இருந்தால் பதிலும் குறிப்பாக வரும். 'உங்கள் மேலான கருத்துகளைப் பதிவு செய்யவும்' என்று கேட்டால் 'நைஸ்' என்று வரும்.

ரிவ்யூ கேட்கும் வாசகத்தில் நன்றி அட்டைக்காரருக்கு இரண்டு பரம்பரைப் பலவீனங்கள் உண்டு. ஒன்று, ஐந்து நட்சத்திரத்தையும் மஞ்சளில் அடித்து, "ரிவ்யூ ஸ்கிரீன்ஷாட் அனுப்பினால் 50 ரூபாய்" என்று போடுவது. கூகுள் இதை ஏற்பதில்லை. இலவசமோ தள்ளுபடியோ கொடுத்து ரிவ்யூ வாங்குவதை அமேசான் 2016லேயே தடை செய்துவிட்டது. பிடிபட்டால் ரிவ்யூ மட்டுமல்ல, விற்பனைக் கணக்கே போகலாம். பிடிபடுவதும் கடினமல்ல. சாட்சியை அவரே ஆயிரம் பிரதி அச்சடித்து, வீடு வீடாக அனுப்பி வைத்திருக்கிறார்.

மற்றது அவர் பாவம் என்றே நினைக்காத ஒன்று. நிறைகளை நண்பர்களிடம் சொல்லுங்கள், குறைகளை எங்களிடம் சொல்லுங்கள் என்று டிபன் கடைகளில் கல்லாவுக்கு மேலே தொங்கும் பலகை வாசகத்தை அப்படியே அட்டைக்கு இறக்கிவிடுவார். இட்லிக் கடைச் சுவரில் அது பண்பாடு. ரிவ்யூ தளங்களின் பார்வையில் அது, நல்லதை மட்டும் வெளியே விட்டுக் கெட்டதை வாசலிலேயே மடக்கும் வேலை. நட்சத்திர எண்ணிக்கை இல்லாமல், பிடித்தவரையும் பிடிக்காதவரையும் ஒரே இடத்துக்கு அனுப்பி, "எப்படி இருந்தது என்று எழுதுங்கள்" என்பதோடு நிறுத்த வேண்டும். பாக்கெட் கிழிந்து வந்தால் அழைக்க ஒரு எண் தரலாம். அது ரிவ்யூவுக்கு மாற்றாக இல்லாமல் தனியே நிற்க வேண்டும்.

அமேசான் வழியாகவும் விற்பவருக்கு இன்னொரு சங்கடம். அந்தப் பார்சலில், அடுத்த முறை நேராக எங்களிடமே வாங்குங்கள் என்று தன் வாட்ஸ்அப்புக்கு இழுக்கும் அட்டையை வைக்கக் கூடாது. எனவே இரண்டு அட்டை அடிக்க வேண்டும்: அங்கே போவதற்குச் சமையல் குறிப்பும் நடுநிலையான வேண்டுகோளும், நேரடி ஆர்டருக்கு எண்ணும் சலுகையும். இரண்டையும் ஒரே மேசையில் அடுக்கி வைத்துவிட்டு மாற்றிப் போடாமல் இருப்பது தனித் திறமை.

கியூஆர் கோடு அவருக்குக் கோலம் மாதிரி. மெரூன் பின்னணியில் தங்க நிறத்தில் கேட்பார். கேமராவுக்கு வேண்டியது வெளிர் நிறத்தின் மேல் கருமை, சுற்றிலும் நான்கு கட்டம் அகலத்துக்கு வெறுமை, குறைந்தது இரண்டு சென்டிமீட்டர் அளவு. மூன்று கோடுகளை ஒட்டி வைத்தால் போன் எதைப் பிடிக்கும் என்பது போனின் விருப்பம். பெரும்பாலும் யூடியூபைப் பிடிக்கும். அங்கே இரண்டு வீடியோ இருக்கும், ஒன்று பேரன் பிறந்தநாள்.

மறு ஆர்டருக்கு வாட்ஸ்அப் இணைப்பே போதும். அது இந்த வடிவில் இருக்கும்:

```
https://wa.me/91XXXXXXXXXX?text=PODI
```

கடைசியில் உள்ள சொல் வாடிக்கையாளரின் செய்திப் பெட்டியில் தானாக வந்து நிற்கும். அங்கே அழகு தமிழில் நான்கு வரி வைக்க அவருக்கு ஆசை வரும். இணைப்புக்குள் போகும்போது ஒவ்வொரு தமிழ்க் குறியும் ஒன்பது எழுத்தாக விரிகிறது. 'மீண்டும்' என்ற ஒரே சொல் புள்ளியும் உயிர்க்குறிகளும் சேர்த்து எட்டுக் குறி, ஆக 72 எழுத்து. நான்கு வரி போட்டால் கோடு கறுப்பு எள் கொட்டிய மாதிரி ஆகி, பழைய போன்கள் கைவிட்டுவிடும். தமிழை அட்டையில் மனம்விட்டு எழுதலாம், கோட்டுக்குள் ஒரு சிறு சொல் போதும். இலவசமாகக் கிடைக்கிறதே என்று இடைத்தளம் ஒன்றின் வழியாகத் திருப்பிவிடும் கோடு வாங்கினால், இலவசக் காலம் முடிந்த மறுநாள் ஆயிரம் அட்டையும் ஊமையாகும். அச்சுக்கு அனுப்பும் முன் உண்மையான அளவில் ஒரு தாள் எடுத்து, சமையலறை டியூப்லைட் வெளிச்சத்தில், வீட்டிலேயே மிகப் பழைய போனால் ஸ்கேன் செய்து பார்ப்பது நல்லது. அந்த போன் வழக்கமாக மாமியாரிடம் இருக்கும்.

தாள் விஷயத்தில் 300 ஜிஎஸ்எம் ஆர்ட் போர்டு போதும். கையால் பெயர் எழுதித் தர நினைப்பவர் அந்தப் பக்கத்துக்கு லேமினேஷன் வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். இல்லையென்றால் பால்பாயிண்ட் பேனா வழுக்கும்.

பிறகு கூப்பன். நன்றி அட்டைக்காரரின் பேரானந்தமும் பெருநஷ்டமும் இங்கேதான். ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். ஆர்டருக்கு 80 ரூபாய் லாபம், அட்டை ஒன்று இரண்டரை ரூபாய், கூப்பனுக்கு 40 ரூபாய் தள்ளுபடி. இருநூறு பார்சலில் அட்டை வைக்கிறார். இரண்டு மாதத்தில் 26 பேர் கூப்பனோடு திரும்பி வருகிறார்கள். அவர் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் இனிப்புப் படம் போடுகிறார்.

அவர் பார்க்காத இன்னொரு இருநூறு உண்டு. ஒன்றுவிட்டு ஒரு பார்சலில் அட்டை வைக்காமல் அனுப்பியிருந்தால், அந்த அட்டையில்லா இருநூறிலும் 17 பேர் தாமாகவே திரும்பி வந்திருப்பார்கள் என்று வைத்துக்கொள்வோம். பொடி தீர்ந்தால் வாங்கத்தானே வேண்டும். அட்டை கொண்டுவந்தது ஒன்பது பேர் மட்டும், லாபம் 720 ரூபாய். தள்ளுபடியோ 26 பேருக்கும் போனது, 1,040 ரூபாய். அட்டைச் செலவு 500. மொத்தத்தில் 820 ரூபாய் நட்டம், இனிப்பு தனி. தள்ளுபடிக்குப் பதில் மறு ஆர்டரில் எட்டு ரூபாய் அடக்கத்தில் எள்ளுப் பொடி ஒரு சின்னப் பொட்டலம் தந்து, அதே 26 பேர் வந்திருந்தால் செலவு 208. எல்லாம் போக 12 ரூபாய் மிச்சம். பன்னிரண்டு ரூபாய் சிரிப்புக்குரிய தொகைதான், ஆனால் அது கழித்தலில்லை. அதோடு, சாம்பிள் பொட்டலம் அடுத்த மாதம் எள்ளுப் பொடி ஆர்டராகத் திரும்பக்கூடும். நாற்பது ரூபாய் தள்ளுபடி எதுவாகவும் திரும்பாது. ஒன்பது பேர் என்ற வித்தியாசம் தற்செயலாகவும் இருக்கலாம் என்பதால், ஒன்றுவிட்டு ஒன்று அனுப்பும் சோதனையை இன்னும் சில நூறு பார்சலுக்கு நீட்டிப்பதே சரி. இதற்கு அவர் சம்மதிப்பது அபூர்வம். அட்டை இல்லாமல் ஒரு பார்சலை அனுப்புவது அவருக்கு வெற்றிலை பாக்கு கொடுக்காமல் விருந்தாளியை அனுப்புவது போல.

கூப்பன் காலாவதித் தேதியிலும் இதே மனம்தான் வேலை செய்கிறது. கால் கிலோ பொடி ஒரு வீட்டில் மாதக்கணக்கில் ஓடும்போது '7 நாளுக்குள்' என்று போடுவார். டப்பா தீரும் காலத்தோடு ஒரு பதினைந்து நாள் கூட்டிப் போட்டால் தேதிக்கு அர்த்தம் இருக்கும். கூப்பன் சொல்லில் ஆங்கில ஓவும் பூஜ்யமும், ஐயும் ஒன்றும் கலக்காமல் இருந்தால், "கோடு வேலை செய்யலைங்க" என்ற அழைப்புகள் குறையும்.

முதல் ஆயிரம் தீரும் முன்பே இரண்டாம் பதிப்புக்கு அவர் டிடிபி கடைக்கு வருகிறார். இந்த முறை எல்லாம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறார். ஒரு பக்கம் சமையல் குறிப்பு, மறுபக்கம் இரண்டு வரிக் கேள்வி, ஒரே ஒரு கியூஆர் கோடு. இளைஞர் புரூஃப் எடுத்து நீட்டுகிறார். நன்றி அட்டைக்காரர் நெடுநேரம் பார்க்கிறார். சுற்றிலும் இருக்கும் வெள்ளை இடத்தைச் சுண்டுவிரலால் தடவுகிறார்.

"நல்லாத்தான் இருக்கு தம்பி. இந்த மூலை மட்டும் கொஞ்சம் காலியா இருக்கே?"