ரெண்டு நிமிஷக்காரர்

கோயம்புத்தூரில் வெட் கிரைண்டர் செய்யும் கம்பெனி எதற்குள் நுழைந்தாலும், வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் ஒரு ரெண்டு நிமிஷக்காரர் உட்கார்ந்திருப்பார். வங்கியிலும் இன்சூரன்ஸ் ஆபீஸிலும் பல் ஆஸ்பத்திரியிலும்கூட அவர் இருக்கிறார். நான் கிட்டத்தில் இருந்து பார்த்தது கிரைண்டர்காரரை என்பதால் அவரையே சொல்கிறேன்.

வயது ஐம்பதைத் தொடும். நல்ல மனிதர். யாருக்கும் கெடுதல் நினைக்காதவர். ஒரே ஒரு குறை, உலகத்தில் எந்தக் காரியத்துக்கும் இரண்டு நிமிடத்துக்கு மேல் ஆகாது என்று அவர் உண்மையாகவே நம்புகிறார். "ரெண்டு நிமிஷத்துல காந்திபுரத்துல இருப்பேன்" என்று போனில் சொல்லும்போது சிங்காநல்லூரில் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருப்பார். இதைப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வராது. வீட்டம்மா அவர் சொல்வதைப் பத்தால் பெருக்கி, அதற்குப் பிறகுதான் அடுப்பில் தோசைக்கல்லை வைப்பார். அந்த வீட்டில் யாருக்கும் ஆறிய தோசை கிடைத்ததில்லை.

பெருக்கத் தெரியாதவர்கள் வாடிக்கையாளர்கள்தான். மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவர்களுக்கு இவரிடமிருந்து ஒரு மின்னஞ்சல் போகும்.

"மதிப்புமிக்க வாடிக்கையாளரே! தங்கள் கருத்து எங்களுக்கு மிக மிக முக்கியம். தங்கள் பொன்னான நேரத்தில் இரண்டே நிமிடம் ஒதுக்கி, தங்களுக்கு மேலும் சிறப்பாகச் சேவை செய்ய எங்களுக்கு உதவுங்கள்."

அனுப்புநர் முகவரி noreply என்று தொடங்கும். உங்கள் கருத்து மிக மிக முக்கியம், ஆனால் தயவுசெய்து பதில் மட்டும் எழுதிவிடாதீர்கள் என்று அர்த்தம்.

நம்பி உள்ளே போனால் முப்பத்திரண்டு கேள்விகள். முதலில் பெயர், ஊர், வாங்கிய தேதி. வாரண்டி அட்டையில் நீங்கள் எழுதிக் கொடுத்து, கம்பெனியே பத்திரமாக வைத்திருக்கும் விவரங்கள்தான் எல்லாம். அடுத்து மாடல் எண். அது கிரைண்டரின் அடியில் ஒட்டியிருக்கும். தொட்டியில் மாவு இருக்கும்போது அதைப் பார்க்க முயன்றவர்களுக்குச் சர்வே அதோடு முடிந்தது.

அதைத் தாண்டியவர்களுக்குக் கட்டம் காத்திருக்கும். இடப்பக்கம் பத்து வரி, மேலே 'மிகவும் அதிருப்தி' முதல் 'மிகவும் திருப்தி' வரை ஐந்து பத்தி. ஆபீஸ் கம்ப்யூட்டரில் பார்த்தால் அழகாகத்தான் இருக்கிறது. கைபேசியில் கடைசி இரண்டு பத்தி திரைக்கு வெளியே போய்விடும். தள்ளித் தள்ளிப் பார்ப்பதற்குள் எந்த வரியில் இருந்தோம் என்பது மறந்துவிடும். அதில் ஒரு வரி, "மோட்டாரின் சத்தமும் சர்வீஸ் ஊழியரின் பணிவும் தங்களுக்குத் திருப்தியா?" என்று கேட்கும். மோட்டார் பணிவாக இருந்து ஊழியர் சத்தம் போட்டிருந்தால் எந்தப் பத்தியைத் தொடுவது?

கடைசிக் கேள்விதான் அவருக்குப் பெருமை: "எங்கள் கிரைண்டரை உறவினருக்குப் பரிந்துரைப்பீர்களா? 0 முதல் 10 வரை." ஃபிரெட் ரைக்ஹெல்ட் என்ற அமெரிக்கர் 2003-இல் ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவில் எழுதிப் பிரபலமாக்கிய கேள்வி இது. நீளநீளமான சர்வேக்களை விட்டுவிட்டு இந்த ஒன்றைக் கேளுங்கள் என்பது அவர் வாதம். நம்மவர் அதை முழுமனதோடு ஏற்றுக்கொண்டு, இருந்த முப்பத்தொன்றோடு முப்பத்திரண்டாவதாகச் சேர்த்துவிட்டார்.

இரண்டு நிமிடம் என்ற கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டால் கோபப்பட மாட்டார். கடிகாரத்தைக் காட்டுவார். அவரே நிரப்பிப் பார்த்திருக்கிறார். கேள்விகளை எழுதியவர் அவர், எதையும் படிக்கத் தேவையில்லை. கம்பெனியில் சம்பளம் வாங்குபவரும் அவரே, யோசிக்கவும் தேவையில்லை. ஐந்தாவது பத்தியில் விரலை மேலிருந்து கீழே இழுத்துக்கொண்டு போனால் இரண்டு நிமிடம்கூட அதிகம்.

பிரிவில் புதிதாக ஒரு பெண் சேர்ந்தாள். பொள்ளாச்சிப் பக்கம். பேச்சு மெதுவாக வரும், வேலை அப்படியில்லை. முந்தைய சர்வேயின் கணக்கை எடுத்துப் பார்த்தாள். உள்ளே வந்தவர்களில் பெரும்பாலோர் அந்தக் கட்டம் வந்த இடத்தில் வெளியேறியிருந்தார்கள். தாக்குப்பிடித்தவர்களில் பலர் பத்து வரிக்கும் நடுப்பத்தியையே தொட்டிருந்தார்கள். சத்தம், பணிவு, விலை, நிறம் எல்லாமே அவர்களுக்கு ஒரே அளவு 'பரவாயில்லை'. இப்படி நேர்கோட்டில் இறங்கியிருக்கும் பதிலைப் பார்த்தால் ஆள் படிப்பதை நிறுத்திவிட்டார் என்று தெரிந்துகொள்ளலாம். இவரோ அந்தப் பதில்களை வைத்துக்கொண்டு, 'வாடிக்கையாளர்கள் நம்மிடம் மிதமான திருப்தியோடு உள்ளனர்' என்று எம்டிக்கு அறிக்கை கொடுத்திருந்தார்.

"சார், கேள்வியப் பாக்காதவங்க அஞ்சு பேருகிட்டக் குடுத்துப் பாக்கலாமுங்களா?" என்றாள் அந்தப் பெண்.

"தாராளமா பாரும்மா. ரெண்டு நிமிஷ வேலை" என்றார்.

கேன்டீன் அக்கா, அக்கவுன்ட்ஸ் தம்பி, டெலிவரி வேன் டிரைவர், துடைக்க வரும் பாட்டியின் மருமகள், வாசல் வாட்ச்மேன் அண்ணன் என்று ஐந்து பேர். அவரவர் கைபேசியிலேயே நிரப்பினார்கள். இவள் பக்கத்தில் இருந்து நேரம் மட்டும் குறித்தாள். விளக்கம் கேட்டால் சொல்லவில்லை. வீட்டில் உட்கார்ந்து நிரப்புகிறவருக்கு யார் விளக்கம் சொல்வார்கள்? ஒன்பது நிமிடம், பத்து, பதினொன்று, பதினான்கு. வாட்ச்மேனுக்கு மட்டும் ஐம்பத்திரண்டு. நடுவில் லாரி வந்து, கேட்டைத் திறந்து, நோட்டில் எழுதி, டிரைவரோடு மழை பற்றிப் பேசிவிட்டுத் திரும்பி வந்து மீதியை முடித்தார்.

நம்மவர் கால்குலேட்டரை எடுத்தார். சராசரி பத்தொன்பது நிமிடத்துக்கு மேலே போனது. முகம் வெளுத்துவிட்டது.

"சராசரி வேண்டாமுங்க சார். லாரி வந்ததையும் சேத்துக்குது. வரிசையா எழுதி நடுவுல நிக்கறத எடுத்துக்குவோம். பதினொண்ணு" என்றாள். சர்வே மென்பொருள் காட்டும் சராசரி நேரத்தை அப்படியே நம்பக் கூடாது என்பதும் இதனால்தான். பக்கத்தைத் திறந்து வைத்துவிட்டுச் சாப்பிடப் போகிறவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள்.

"பதினொரு நிமிஷம்னு எழுதினா எவன்மா தொறப்பான்?" என்று கேட்டார் ரெண்டு நிமிஷக்காரர்.

வாழ்நாளில் அவர் கேட்ட சரியான கேள்வி இதுதான் என்று நினைக்கிறேன். மிர்தா கலேசிச், மைக்கேல் போஸ்ன்யாக் என்ற இருவர் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் ஒரு பகுதியினருக்குப் பத்து நிமிடம், இன்னொரு பகுதியினருக்கு இருபது, மற்றவர்களுக்கு முப்பது என்று சொல்லி அழைத்தார்கள். சொன்ன நேரம் கூடக்கூட ஆரம்பித்தவர்கள் குறைந்தார்கள். உண்மை சொன்னால் ஆள் குறையும், அதை மறைத்துப் பயனில்லை. அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது: சர்வேயின் பின்பகுதியில் வந்த கேள்விகளுக்குப் பதில்கள் அவசரமாகவும் சுருக்கமாகவும் ஒரே மாதிரியாகவும் இருந்தன. ஆக, பொய் சொல்லி உள்ளே இழுத்தாலும் கடைசியில் கையில் நிற்பது அந்த நடுப்பத்தி நேர்கோடுதான். மின்னஞ்சலில் உள்ள எண்ணை அழித்து எழுதிப் பிரயோசனமில்லை, கேள்விகளைத்தான் அழிக்க வேண்டும்.

அடுத்த மூன்று நாள் அந்த அறையில் நடந்தது பாகப்பிரிவினைக்குக் குறைந்ததில்லை. அந்தப் பெண் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரே ஒன்றைக் கேட்டாள்: "இதுக்கு 'திருப்தியில்ல'ன்னு பதில் வந்தா நாம எதை மாத்துவோமுங்க?" லோகோவின் நிறம் பிடித்திருக்கிறதா? மாற்ற மாட்டோம், எம்டியின் சம்சாரம் தேர்ந்தெடுத்த நிறம். போயிற்று. டிவி விளம்பரம் பார்த்தீர்களா? விளம்பரத்தை நிறுத்தி இரண்டு வருடமாகிறது. போயிற்று. பெயர், ஊர், மாடல் எண் மூன்றும் கம்பெனிப் பதிவேட்டிலேயே இருந்தன. 'பரிந்துரைப்பீர்களா' என்ற கேள்வியை விட்டுக்கொடுக்க அவர் மறுத்தார். வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். கடைசியில் ஏழு மிஞ்சின. கட்டத்தை உடைத்து ஒரு திரைக்கு ஒரு கேள்வியாக்கினாள். புதிதாக வேறு ஐந்து பேரைப் பிடித்து நேரம் குறித்ததில் நடுவில் நின்றது நான்கு நிமிடம்.

"ரெண்டுன்னு போட்டுக்கலாமே, கிட்டத்தட்ட வந்தாச்சில்ல?" என்று ஒருமுறை முயன்று பார்த்தார். அவள் பதில் சொல்லவில்லை.

மீதியிருந்தது, எதற்காக நிரப்ப வேண்டும் என்ற காரணம். 'மேலும் சிறப்பாகச் சேவை செய்ய' என்பது காரணமே இல்லை. வாசிப்பவருக்கு அதில் என்ன கிடைக்கும் என்று இல்லை. நம்மவரிடம் ஒரு மாற்றுத் திட்டம் இருந்தது: குலுக்கலில் ஒரு அதிர்ஷ்டசாலிக்கு ஸ்மார்ட் வாட்ச். போன வருட அதிர்ஷ்டசாலி யார் என்று அவள் கேட்டாள். அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தார். அஞ்சல் சர்வேக்களைப் பற்றி 1978-லேயே புத்தகம் எழுதிய டான் டில்மன், ஒருவர் பதில் எழுதுவதற்குச் செலவு குறைய வேண்டும், பலன் தெரிய வேண்டும், சொன்னதைச் செய்வார்கள் என்ற நம்பிக்கை வேண்டும் என்கிறார். வராத வாட்ச் அந்த மூன்றாவதைத்தான் முதலில் சாப்பிட்டுவிடும்.

போய்ச் சேர்ந்த மின்னஞ்சல் இது. தலைப்பு: "உங்கள் கிரைண்டர் சர்வீஸ் பற்றி 7 கேள்விகள், 4 நிமிடம்."

"வணக்கம். போன ஆறு மாதத்தில் உங்கள் வீட்டுக்கு எங்கள் சர்வீஸ் ஆள் வந்தார். பெல்ட் மாற்ற ஆள் வருவதற்கு நாளாகிறது என்று புகார் வருகிறது. எந்தெந்த ஊரில் கூடுதலாக ஆள் போடுவது என்று அடுத்த மாதம் முடிவு செய்கிறோம். அதற்கு உங்கள் பதில் வேண்டும். ஏழு கேள்விகள். சர்வேயை முன்பு பார்த்திராதவர்களை நிரப்பச் சொல்லிப் பார்த்ததில் நான்கு நிமிடம் ஆனது. 20-ஆம் தேதி வரை நிரப்பலாம். முடிவு என்ன ஆனது என்று உங்களுக்கு எழுதுவோம். ஏதாவது கேட்க வேண்டுமென்றால் இதற்கே பதில் எழுதலாம், நான் படிப்பேன்." கீழே அவருடைய சொந்தப் பெயர்.

சொந்தப் பெயரைப் பார்த்துக் கொஞ்சம் பயந்தார். ஆனால் மறுநாளே எல்லோருக்கும் நினைவூட்டல் அனுப்பும் அளவுக்கு அந்தப் பயம் தெளிந்துவிட்டது. தினம் ஒன்று அனுப்பலாம் என்றார். ஒரு வாரம் கழித்து, நிரப்பாதவர்களுக்கு மட்டும், ஒரே ஒருமுறை என்று பேசி முடித்தார்கள். ஏற்கெனவே நிரப்பியவருக்கு 'நீங்கள் இன்னும் நிரப்பவில்லை' என்று போனால் அவர் நிரப்பியதற்கு என்ன மரியாதை?

பதில்கள் வரத் தொடங்கின. பெட்டி நிறையவில்லை, ஆனால் வந்தவற்றில் நேர்கோடு குறைவு. அவர் பெயருக்கே நேராக வந்த முதல் கடிதம் உடுமலைப்பேட்டை அம்மா ஒருவருடையது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு சத்தமாகவே படித்தார்:

"தம்பி, நாலு நிமிஷம்னு சொன்னீங்க, மூணுலயே முடிஞ்சிருச்சு. மிச்சம் ஒரு நிமிஷம் இருக்குதல்ல, அதுல அந்த மெக்கானிக்குக்கு ஒரு போன் போடுங்க. செவ்வாக்கிழமை வர்றேன்னவரு. எந்தச் செவ்வாக்கிழமைன்னு கேட்டுச் சொல்லுங்க."