திகாம் பத்துக் கீரைப்பாட்டு: மூலபாடமும் பாடபேதங்களும்

கெடாவைப் பற்றி எதை எழுதினாலும் 1025-இல் முதலாம் ராஜேந்திரன் கடாரத்தின் மேல் படையெடுத்ததைச் சொல்லித்தான் தொடங்க வேண்டும் என்பது கட்டுரை மரபு. சொல்லியாயிற்று. இனி வீட்டுக்குள் வருவோம். ஆய்வுப்பொருள், இரண்டு வயதான என் மகள்; கீரையைக் கண்டால் வாயை இறுக மூடிக்கொள்வாள். எதிரே, தோட்டத்து லயத்தில் வளர்ந்த என் அம்மா, கையில் கீரைச்சோற்று உருண்டையுடன். அவர் கட்டிப் பாடும் பாடம் வருமாறு:

குரூண் தாண்டி ரயில் வருது,
கூடை நெறையக் கீரை வருது,
பட்டாணியில நின்னு வருது,
பாப்பா கேட்டைத் திற... ஆ!
ஏத்தியாச்சா? ஆம்!

மூன்றாம் அடியிலுள்ள ‘பட்டாணி’ காயா, ஊரா? என் தம்பி காய் என்கிறான் (தம்பி, வாய்மொழி, தொலைக்காட்சியிலிருந்து கண்ணை எடுக்காமல்). சுங்கைப்பட்டாணி என்ற ஊர்தான் என்பது அம்மாவின் கருத்து (அம்மா, மேற்படி, கரண்டியை ஓங்கியபடி). மலாய் மொழியில் சுங்கை என்றால் ஆறு, பெத்தானி என்றால் உழவர். பட்டாணிக்கும் அதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. ஆனாலும் இது தெரிந்த பிறகும் தம்பி தன் கொள்கையைக் கைவிடவில்லை. ஆய்வாளனாகும் தகுதி அவனுக்கு இருக்கிறது. மறுநாளே அவன் திகாம் பத்து என்ற ஊர்ப்பெயருக்குப் பாய்ந்தான். ‘பத்து’ என்பது தமிழ் எண், ஆகவே பத்து வாய் ஊட்டியே தீர வேண்டும் என்று முன்னோர் ஊர்ப்பெயரிலேயே பொதிந்து வைத்தார்களாம். மலாய் மொழியில் பத்து என்றால் கல், திகாம் என்றால் குத்து. சொற்பிறப்பு ஆராய்ச்சியில் அகராதியைக் கடைசியாகத்தான் திறப்பார்கள் போலும். (ஒரு வருத்தம்: பழகாத காயைப் பிள்ளை ஏற்க, எட்டுப் பத்து முறையாவது வெவ்வேறு நாளில் சுவைக்கக் கொடுக்க வேண்டும் என்று குழந்தை உணவை ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். தம்பிக்கு இதைச் சொல்லவில்லை.)

பிள்ளைத்தமிழில் பத்துப் பருவம் உண்டு. தாலாட்ட ஒன்று, கைகொட்ட ஒன்று, முத்தம் கேட்க ஒன்று. ஊட்டுவதற்கு ஒன்றுமில்லை. செங்கீரைப் பருவத்தைக் காட்டி யாராவது கீரை என்று வாதிட்டால் நம்ப வேண்டாம். அது பிள்ளை கையையும் முழங்காலையும் ஊன்றித் தலையாட்டும் பருவம். புலவர்கள் பாடினார்கள், ஊட்டியது வேறு யாரோ.

காய்வகை: பூசணி, இனிப்பதால் பாட்டு வேண்டாம். பாகற்காய், பாட்டு போதாது.

நான்காம் அடிக்கு வருவோம். அ, ஆ இரண்டும் அங்காத்தலால், அதாவது வாயைத் திறப்பதால், பிறக்கின்றன என்கிறது தொல்காப்பியம். மகரம் இதழ் இரண்டும் இயையப் பிறக்கும். அம்மா தொல்காப்பியம் படித்ததில்லை. ஆனால் ‘ஆ’ என்று அவர் இழுக்கும்போது தன் வாயையே முதலில் திறக்கிறார், பிள்ளை பார்த்துத் திறக்கிறது, உருண்டை போகிறது. அடுத்த அடியின் ‘ஆம்’ என்பதிலுள்ள மகரத்தில் உதடு கூடுகிறது; உருண்டை வெளியே வர வழியில்லை. ‘ஈ’ என்று முடித்துச் சோதித்தேன்: பல் தெரிந்தது, கீரை போகவில்லை. ‘ஊ’ என்று முடித்தேன்: உதடு குவிந்தது, உள்ளே இருந்ததும் என் சட்டை மேல் வந்தது (ஆசிரியர், சட்டை, இடது தோள், நேற்று இரவு, கறை காண்க).

தாளம் தவறினால் பாட்டு தோற்கும். ‘ஆ’ முடிந்தபின் கை போனால் மூடிய உதட்டில் கீரை அப்பிக்கொள்ளும். உருண்டை சுண்டைக்காய் அளவைத் தாண்டினால் பிள்ளை மெல்லாமல் கன்னத்தில் அதக்கிக்கொள்ளும். ஒரு கன்னம் உப்பி, பேச்சும் நின்றுவிட்டால் அதுதான் அறிகுறி, அப்போது அடுத்த ரயிலை விடக்கூடாது. ரயில் கூவுவது போன்ற சிரிப்புச் சேட்டையெல்லாம் விழுங்கிய பிறகுதான். வாயில் சோறிருக்கச் சிரிக்க வைத்தால் புரையேறும். இந்த ஒரு விதியில் மட்டும் அம்மா விளையாடுவதில்லை.

தண்டவாளம் இப்போது இரட்டை, ஓடுவது மின்ரயில். அம்மா பாடும் ரயில்வே கேட்டை என் மகள் கண்டதே இல்லை. இல்லாத கேட்டை எப்படித் திறக்கிறாள் என்பது தனி ஆய்வுக்குரியது. நிதி கேட்டு வீட்டுக்காரருக்கு விண்ணப்பித்துள்ளேன், பாத்திரம் கழுவினால் யோசிப்பதாகப் பதில் வந்தது.

நேற்றைய கணக்கு: ஊட்டிய உருண்டை ஏழு, உள்ளே போனது ஐந்து, என் சட்டைக்கு ஒன்று, இன்று காலை தலையணை அடியில் ஒன்று. இதைவிடச் சிறந்த பாடம் வைத்திருப்போர் காலித் தட்டைச் சான்றாக எடுத்துக்கொண்டு நேரில் வரவும். மாலை ஏழு மணிக்கு முன் வந்தால் நல்லது.