ஏப்பம் விடுமா வெற்று மாத்திரை?

கேள்வி: குமட்டலுக்கு இஞ்சி கேட்பது மருந்தாலா, வெறும் நம்பிக்கையாலா?

பதில்: இதே ஐயத்தை லண்டன் செயின்ட் பார்த்தலோமியூ மருத்துவமனை மயக்கவியலாளர்கள் சோதித்து, 1993இல் முடிவை வெளியிட்டனர். வயிற்றில் சிறு துளையிட்டுச் செய்யும் மகளிர் சிகிச்சைக்கு வந்த 120 பெண்களை மூன்றாகப் பிரித்து, ஒரு பிரிவினருக்கு 1 கிராம் இஞ்சித்தூளும், மற்றொரு பிரிவினருக்கு மெட்டோகுளோப்ரமைடு என்னும் வாந்தித் தடுப்பு மருந்தும், எஞ்சியோருக்கு மருந்தே இல்லாத வெற்று மாத்திரையும் அளித்தபோது, குமட்டலோ வாந்தியோ கண்டவர்கள் முறையே 21, 27, 41 விழுக்காட்டினர். அதாவது வெற்று மாத்திரை உண்டவர்களிலும் பாதிக்கு மேற்பட்டோர் தொல்லையின்றித் தப்பினர் என்பதால், இஞ்சிக்கு உரிய பெருமை இடையிலுள்ள இருபது விழுக்காடு மட்டுமே. மிச்சத்தையும் சேர்த்து உரிமை கோருவது பாட்டிமார் வழக்கம்.

இஞ்சியின் காரத்துக்குக் காரணமான ஜிஞ்சரால்கள், குடலிலிருந்து மூளைக்குக் குமட்டல் செய்தி அனுப்பத் தூண்டும் செரோட்டோனின் என்னும் வேதிப்பொருளை ஏற்கும் வாயில்களை மந்தப்படுத்துவதாக ஆய்வகச் சோதனைகள் காட்டுகின்றன. ஆயினும் 1995இல் ஆஸ்திரேலியாவில் 108 நோயாளிகளிடம் நடந்த ஒத்த ஆய்வில் இஞ்சி பலிக்கவில்லை. உலர்த்தும்போது ஜிஞ்சரால்களில் ஒரு பகுதி ஷோகால்களாக மாறிவிடுவதால், ஒரு கிராம் தூள் எல்லா இடத்திலும் ஒரே மருந்தாக இருப்பதில்லை. தவிர, மாத்திரை உறைக்குள் ஒளித்தாலும் இஞ்சி ஏப்பத்தில் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். வெற்று மாத்திரைக்கு அந்தத் திறமை கிடையாது.